திரும்பி வந்த காதல் கடிதம்

1845 ஜனவரியில் கவிஞர் ராபர்ட் பிரௌனிங், எலிசபெத் பாரெட்டுக்கு முதல் கடிதம் எழுதினார். நேரில் பார்க்க ஆசைப்பட்டார். குளிர்காலம் தன் உடம்புக்கு ஆகாது, வசந்தம் வரட்டும் என்றார் நோயாளியான எலிசபெத். அவரும் பொறுத்திருந்தார்.

மே 20 அன்று லண்டன் விம்போல் தெருவில் சந்திப்பு நடந்தது. அவருக்கு 33 வயது, எலிசபெத்துக்கு 39. வீடு திரும்பியவர் சில நாட்களுக்குள் காதலைக் கொட்டி எழுதிவிட்டார். எலிசபெத் பதறிப்போனார். இப்படி இன்னொரு முறை எழுதினால் இனி சந்திப்பே கிடையாது என்று பதில் வந்தது.

அடுத்து பிரௌனிங் எழுதியதுதான் கவனிக்க வேண்டியது. கோபம் இல்லை, "ஏன்?" என்ற கேள்வியும் இல்லை. மன்னிப்புக் கேட்டார்; தான் எழுதியதை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதுபோல் பேச்சை மாற்றினார். கண்டிப்பாகப் பார்த்தால் இது பொய்தான். ஆனாலும் அந்தப் பொய், சங்கடமில்லாமல் பழகுவதற்கு இருவருக்கும் வழி விட்டது. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கி அழித்தும் விட்டார்.

சந்திப்புகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றின் தேதியையும் நேரத்தையும் அவள் அனுப்பிய கடித உறைகளிலேயே குறித்துவைத்தார். ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி காதலைச் சொன்னார். 1846 செப்டம்பர் 12 அன்று, எலிசபெத்தின் தந்தைக்குத் தெரியாமல் திருமணம் நடந்தது.