நான்கு தொகுதிகளுக்கு ஒரு பாட்டு

தனிம வரிசை அட்டவணையில் மேலிருந்து கீழாக இறங்கும் ஒவ்வொரு வரிசையும் ஒரு தொகுதி. மொத்தம் 18 தொகுதிகள். அவற்றில் பள்ளிப் பாடத்தில் அடிக்கடி வரும் 1, 2, 17, 18 ஆகிய நான்கையும் ஒரு சிறு பாட்டில் அடக்கிவிடலாம்:

லித்தியம், சோடியம், பொட்டாசியம்,
ருபீடியம், சீசியம், பிரான்சியம் – ஒன்றைத் தரும்;
பெரிலியம், மெக்னீசியம், கால்சியம்,
ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் – இரண்டைத் தரும்;
ஃபுளூரின், குளோரின், புரோமின்,
அயோடின், அஸ்டாட்டின் – ஒன்றைப் பெறும்;
ஹீலியம், நியான், ஆர்கான்,
கிரிப்டான், செனான், ரேடான் – தனித்திருக்கும்.

இதில் வரும் தொகுதிகள் முறையே கார உலோகங்கள், கார மண் உலோகங்கள், ஹாலஜன்கள், மந்த வாயுக்கள். தருவதும் பெறுவதும் எலக்ட்ரான். எனவே பாட்டைக் கொண்டே சேர்மங்களின் வாய்பாட்டையும் எழுதலாம். மெக்னீசியம் இரண்டைத் தரும்; குளோரின் ஒன்றைத்தான் பெறும். ஆகவே ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரின் வேண்டும்: MgCl₂. சோடியம் தருவது ஒன்றே என்பதால் உப்பின் வாய்பாடு NaCl.

பாட்டின் இயைபு தனிமங்களின் பெயர்களிலேயே இருக்கிறது. முதல் இரு தொகுதிகளின் உலோகங்கள் ‘இயம்’ என்றும், ஹாலஜன்கள் ‘இன்’ என்றும், மந்த வாயுக்கள் ‘ஆன்’ என்றும் முடிகின்றன. 2016இல் 117, 118ஆம் தனிமங்களுக்குப் பெயரிட்டபோதும் இந்த மரபு காக்கப்பட்டது. 17ஆம் தொகுதியில் சேர்ந்தது டென்னசின். 18இல் சேர்ந்தது ஓகனெசான்.

ஹீலியம் மட்டும் விலகி நிற்பதற்குக் காரணம் உண்டு. 1868 ஆகஸ்டு சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஆராய்ந்த ஜான்சன் என்ற பிரெஞ்சு அறிஞர், சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் அக்கோட்டை ஆராய்ந்த லாக்கியர், அது புதிய உலோகம் ஒன்றைக் குறிக்கிறது என்று எண்ணினார். அதனால் உலோகத்துக்குரிய ‘இயம்’ பெயரில் ஒட்டிக்கொண்டது. 1895இல் ராம்சே அதைப் பூமியிலேயே கண்டறிந்தபோது அது வாயு என்பது தெளிவானது, பெயர் மாறவில்லை.

வரிசை பிசகினால் கண்டுபிடிக்க எளிய வழி, முதல் இரு தொகுதிகளையும் இணைத்துப் பார்ப்பது. ஒரே இடத்தில் வரும் இரு தனிமங்களின் அணு எண்கள் அடுத்தடுத்தவையாக இருக்க வேண்டும்: லித்தியம் 3, பெரிலியம் 4, சோடியம் 11, மெக்னீசியம் 12, பொட்டாசியம் 19, கால்சியம் 20.

பாட்டு சொல்லாதவையும் உண்டு. ஹைட்ரஜன் முதல் தொகுதியின் உச்சியில் இருந்தாலும் கார உலோகம் அல்ல. அதனால் பாட்டில் இல்லை. சோடியத்தின் குறியீடு Na, பொட்டாசியத்தின் குறியீடு K. இவை லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை என்பதால் தனியே மனத்தில் கொள்ள வேண்டும். 13 முதல் 16 வரையிலான தொகுதிகளில் உலோகமும் அலோகமும் கலந்திருக்கின்றன. பெயர்களின் ஈறுகளும் ஒத்துவருவதில்லை. அவற்றுக்கு இந்தப் பாட்டின் முறை பொருந்தாது.