முடிவுரையில் எவ்வளவு சொல்லலாம்?

பொதுச் சுகாதார முதுநிலை ஆய்வேடுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். நாலு அத்தியாயம் நிதானமாக நடந்து வந்த மாணவர் ஐந்தாவதில் ஓட ஆரம்பித்துவிடுவார். ஆய்வு முறையில் ‘ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலிருந்து 300 பேர்’ என்று எழுதியவரே, முடிவுரையில் ‘தமிழக மக்கள்’ என்று பேசுவார். பரிந்துரைகளுக்கு வரும்போது அரசாங்கத்துக்கே உத்தரவு போடும் தொனி வந்துவிடும். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கியிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், இரண்டு வருட உழைப்புக்குப் பெரிதாக ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். வாய்மொழித் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் இந்தப் பக்கங்களிலிருந்துதான் கிளம்பும்.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டுக்கு மாத்திரை வருகிறவர்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பது மாணவியின் கேள்வி. பதிவேட்டிலுள்ள ரத்த அழுத்த நோயாளிகளில் வீட்டு வருகை பெறுகிறவர்கள் 150 பேர், நிலையத்துக்குப் போய் வாங்குகிறவர்கள் 150 பேர். ‘போன வாரம் ஒரு வேளையாவது மாத்திரை விட்டுப்போனதா?’ என்று கேட்கிறார். விடவே இல்லை என்றவர்கள் முதல் குழுவில் 120 பேர், இரண்டாவதில் 90 பேர். அதாவது 80 சதவீதம், 60 சதவீதம்.

முதல் வரைவின் முடிவுரை இப்படி வருகிறது: ‘வீட்டு வருகை தமிழகத்தில் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டை மேம்படுத்துகிறது என்பதை இந்த ஆய்வு நிரூபிக்கிறது.’ சின்ன வாக்கியம்தான். ஆனால் மூன்று இடத்தில் தரவைத் தாண்டிப் போகிறது.

முதல் தாண்டல் ‘தமிழகத்தில்’. பார்த்தது ஒரே ஒரு நிலையத்தின் பதிவேடு. தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாதவர்கள் அதில் கிடையாது. வாரநாள் பகலில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தால் வேலைக்குப் போனவர்களும் விடுபட்டிருப்பார்கள். மாத்திரையை அதிகம் தவறவிடுவது அவர்களாகவே இருக்கலாம்.

இரண்டாவது ‘ரத்த அழுத்தக் கட்டுப்பாடு’. மாணவி யாருக்கும் பிரஷர் பார்க்கவில்லை. வாய்வார்த்தையாக ஒரு பதிலை வாங்கியிருக்கிறார். அதுவும் மாதாமாதம் தன்னார்வலர் வீட்டுக்கு வரும் நிலையில், ‘சாப்பிடவில்லை’ என்று சொல்லக் கூச்சம் இருக்கும். இரண்டு குழுக்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இந்தக் கூச்சத்தாலேயே வந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது: ‘மேம்படுத்துகிறது’. இது குறுக்குவெட்டு ஆய்வு. வருகையையும் மாத்திரைப் பழக்கத்தையும் ஒரே நாளில் கேட்டு எழுதியது. எது முன்னால் வந்தது என்று இதில் தெரியாது. வீட்டு வருகைப் பட்டியலில் வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும் அதிகம் இருந்தால், அவர்களுக்கு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க மகளோ மருமகளோ வீட்டில் இருக்கலாம். அப்படியானால் புண்ணியம் மருமகளுக்குப் போக வேண்டும், திட்டத்துக்கு அல்ல. இந்த மாதிரி ஆய்வில் ‘தொடர்பு காணப்பட்டது’ என்று எழுதலாம். ‘மேம்படுத்துகிறது’, ‘குறைக்கிறது’, ‘தாக்கம் செலுத்துகிறது’ எல்லாம் காரணம் கற்பிக்கும் வினைச்சொற்கள். வரைவில் அவற்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எண்ணிலும் ஒரு பொறி உண்டு. புள்ளியியல் மென்பொருள் இந்தத் தரவுக்கு வாய்ப்பு விகிதம் 2.67 என்று தரும். உடனே ‘வீட்டு வருகை பெற்றவர்கள் ஒழுங்காகச் சாப்பிட 2.67 மடங்கு வாய்ப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். 80ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். 1.33தான் வரும். கேட்கிற விஷயம் அரிதாக இருந்தால்தான் இரண்டு விகிதங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பாதிப் பேருக்கு மேல் மாத்திரை சாப்பிடும் இடத்தில் வாய்ப்பு விகிதம் பூதாகரமாகத் தெரியும். முடிவுரையில் ‘20 சதவீதப் புள்ளிகள் வித்தியாசம், 95 சதவீத நம்பக இடைவெளி சுமார் 10 முதல் 30 வரை’ என்று போட்டால் படிக்கிறவர் ஏமாற மாட்டார்.

திருத்திய முடிவுரை இப்படி இருக்கும்: ‘இந்த நிலையத்தில் பதிவு செய்திருந்தவர்களில், வீட்டு வருகை பெற்றவர்கள் மாத்திரையைத் தவறாமல் எடுத்ததாகச் சொன்னது 20 சதவீதப் புள்ளிகள் அதிகம். வயது, குடும்ப ஆதரவு போன்ற வேறு காரணங்களை இந்த ஆய்வால் விலக்க முடியாது.’ சப்பென்று இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் தேர்வாளர் எந்தச் சொல்லைத் தொட்டுக் கேட்டாலும் பதில் இருக்கிறது.

பரிந்துரைகளில் கதை வேறு. ‘பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்ற வரி இல்லாத ஆய்வேட்டை நான் அனேகமாகப் பார்த்ததில்லை. இந்த மாணவி யாருடைய விழிப்புணர்வையும் அளக்கவில்லை. ‘மாநிலம் முழுவதும் வீட்டு வருகையை இரட்டிப்பாக்க வேண்டும்’ என்பதற்கும் இதே கதிதான். ஒரு வருகைக்கு என்ன செலவு, அதனால் பிரஷர் குறைகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் அவர் கையில் பதில் இல்லை.

ஆனால் அவருடைய வினாத்தாளில் இன்னொரு கேள்வி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நிலையத்துக்குப் போய் வாங்குகிறவர்களில் தவறவிட்ட 60 பேரிடம் ஏன் என்று கேட்டார். 35 பேர், ‘மாத்திரை தீர்ந்துபோச்சு, வேலையை விட்டுட்டுப் போக முடியல’ என்றார்கள். இங்கேதான் கால் ஊன்ற இடம் இருக்கிறது. இந்த நிலையத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் மாத்திரை கொடுக்கலாம், அல்லது ஒரு தடவையில் இரண்டு மாதத்துக்கானதைக் கொடுத்துப் பார்க்கலாம். செய்ய வேண்டியவர் நிலைய மருத்துவ அலுவலர். பலன் உண்டா என்று ஆறு மாதம் கழித்துப் பதிவேட்டிலுள்ள பிரஷர் அளவுகளைப் பார்த்தால் தெரியும். ‘கொடுத்துப் பார்க்கலாம்’ என்பதற்கு மேல் அழுத்திச் சொல்லவும் வேண்டியதில்லை.

இப்படி அடக்கி எழுதினால் ஒன்றுமே சொல்லாத ஆய்வேடு ஆகிவிடாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஜான் ஸ்னோவைக் காட்டலாம். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா கொத்துக் கொத்தாக உயிர் குடித்தபோது, இறந்தவர்களின் வீடுகள் அந்தத் தெரு அடிபம்பைச் சுற்றியே இருப்பதைக் கண்டு, பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னவர் அவர். செப்டம்பர் 8ஆம் தேதி கழற்றினார்கள். கைப்பிடி போனதும் காலரா நின்றது என்றுதான் ஊர் உலகம் கதை சொல்கிறது. ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை. மக்கள் ஏற்கெனவே ஊரைக் காலி செய்து ஓடியதால் நோய் அதற்கு முன்பே வெகுவாகத் தணிந்திருந்தது, கழற்றியதால் நின்றதா என்று தீர்மானிக்க முடியாது என்று 1855இல் வந்த தன் நூலில் அவரே எழுதிவைத்தார். பரிந்துரை துணிச்சலானது, உரிமை கோரல் அளவானது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. கைப்பிடியைக் கழற்றச் செலவு கிடையாது, தவறென்றால் திரும்ப மாட்டிவிடலாம். அதனால் அந்த அளவு ஆதாரமே போதுமானதாக இருந்தது. மாநிலம் முழுக்க ஆள் நியமிக்கச் சொல்கிறவரிடம் அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் பரிந்துரையையும் வலப்பக்கம் அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொல்வது சில வழிகாட்டிகளின் வழக்கம். வலப்பக்கம் காலியாக இருக்கும் பரிந்துரை ‘மேலும் ஆய்வு தேவை’ பகுதிக்குப் போகும், இல்லையென்றால் அடிபடும். அங்கே போனாலும் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. நம் மாணவி எழுத வேண்டியது இது: வீட்டு வருகை தொடங்குவதற்கு முன்பும் பின்பும், வருகை இல்லாத ஒப்பீட்டுக் குழு ஒன்றுடன், அதே ஆட்களுக்குப் பிரஷர் அளந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். பத்துப் பரிந்துரைகள் இந்தத் தாளைத் தாண்டும்போது மூன்றாகிவிடும். பக்கம் குறைகிறதே என்று கவலைப்பட்டு, மறுபடி விழிப்புணர்வைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.