நிமிடத்துக்கு ஒரு வேகம்: ஓடிய தூரம் எவ்வளவு?

டிரெட்மில்லில் நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தை மாற்றி ஓடுபவர், மொத்தத் தூரத்தைக் காண எல்லா வேகங்களையும் கூட்டி 60-ஆல் வகுத்தால் போதும். மணிக்கு 6 கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். 12 என்றால் 200 மீட்டர். பத்து நிமிடப் பயிற்சி ஒன்றில் வேகங்கள் வரிசையாக 6, 7, 12, 6, 12, 6, 12, 6, 12, 5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 84. அதை 60-ஆல் வகுத்தால் 1.4 கி.மீ., அதுவே தூரம். 84-ஐப் பத்தால் வகுத்தால் 8.4, அதுவே சராசரி வேகம். சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதுதான். வேகங்களை நேரடியாகச் சராசரி எடுப்பது இங்கே பொருந்துவதற்கு ஒரே காரணம், ஒவ்வொரு வேகத்துக்கும் சமமான நேரம் கிடைத்திருப்பது.

அந்தச் சமம் மாறினால் விடையும் மாறிவிடும். 200 மீட்டரை 12 வேகத்திலும் அடுத்த 200 மீட்டரை 6 வேகத்திலும் ஓடினால் சராசரி 9 அல்ல. முதல் பாதிக்கு ஒரு நிமிடம், அடுத்த பாதிக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. மூன்று நிமிடத்தில் 400 மீட்டர் என்றால் மணிக்கு 8 கி.மீ.தான். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பவர்கள் இதே பிழையில் வேறு வழியாக விழுகிறார்கள். மேலே சொன்ன பத்து நிமிடங்களின் அந்த எண்களைச் சராசரி எடுத்தால் 8 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். உண்மையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆனது 7 நிமிடம் 9 விநாடி. மெதுவாகப் போன நிமிடங்களின் எண் பெரிது. அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பட்டனை அழுத்தியதும் பெல்ட் உடனே 12-க்குப் போய்விடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 6-லிருந்து 12-க்குச் சீராக ஏற 12 விநாடி ஆகிறது என்றால், அந்த நேரத்தின் சராசரி 9. நம் கணக்கைவிட 10 மீட்டர் குறையும். ஆனால் 12-லிருந்து 6-க்கு அதே போல இறங்கும்போது அந்த 10 மீட்டர் திரும்பக் கிடைக்கிறது. எனவே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் பயிற்சியில் இந்தப் பிழை பெரும்பாலும் தானே கழிந்துவிடும்.

கழியாத பிழை ஒன்று உண்டு: திரையில் தெரியும் வேகமே தவறாக இருப்பது. அதைக் கண்டுபிடிக்கப் பெல்ட்டின் முழு நீளத்தை அளந்து, ஓரத்தில் சிறு டேப் ஒட்டி, ஒருவர் ஓடும்போது இன்னொருவர் சுற்றுகளை எண்ண வேண்டும். பெல்ட் 3 மீட்டர் என்றால் 20 சுற்று 60 மீட்டர். 6 வேகத்தில் அதற்கு 36 விநாடிதான் ஆக வேண்டும். 38 ஆனால் உண்மையான வேகம் 5.7-ஐ ஒட்டியது. 12 வேகத்திலும் 18-க்குப் பதில் 19 விநாடி ஆனால், பிழை ஒரே விகிதத்தில் இருக்கிறது என்று கொண்டு, 1.4 கி.மீ.யை 1.33 என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.