எந்தத் தோசைக்குக் கட்டம் போடுவது?

சிறிய டிபன் கடை ஒன்றின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதா தோசை 50 ரூபாய், மாவு, எண்ணெய், சட்னி, சாம்பார் செலவு 15. நெய்ப் பொடி தோசை 90, செலவு 32. பனீர் தோசை 120, செலவு 70. விலையைப் பார்த்தால் பனீர்தான் ராஜா. கையில் நிற்பதோ சாதாவில் 35, பனீரில் 50, பொடியில் 58. சதவீதத்தில் சாதா முந்தும். ஆனால் வாடகை கட்டுவது ரூபாய்தான்.

ஆக, மெனு கார்டில் தோசை வரிசையின் தலையில் பொடி தோசையை வைத்து, அதற்கு மட்டும் கட்டம் போடலாம். நாலு அயிட்டத்துக்குக் கட்டம் போட்டால் எதுவும் கண்ணில் படாது. விலைகளை வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் அடுக்கினால், வாடிக்கையாளர் பெயரை விட்டு விலையை மேலிருந்து கீழே ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். பெயரை ஒட்டியே விலையை எழுதுவது நல்லது.

அச்சடிக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு வார பில்களை எண்ணிப் பாருங்கள். பொடி தோசை கூடி, பனீர் குறைந்திருந்தால் தட்டுக்கு 8 ரூபாய்தான் லாபம். சாதாவிலிருந்து மாறியிருந்தால் 23.