மார்பு வலி: நாள்காட்டி சொல்வதும் கட்டி சொல்வதும்

38 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே இரு மார்பகங்களும் கனத்து வலிக்கின்றன. அக்குள் பக்கம் கூடுதலாக. ரத்தப்போக்கு தொடங்கியதும் வலி வடிகிறது. இது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வரும் சுழற்சி வலி. இரண்டு மாதம் வலி நாட்களை நாள்காட்டியில் குறித்தாலே தெரிந்துவிடும். வலி மட்டும் இருந்தால் புற்றுநோயாக இருப்பது அரிது.

அதே பெண்ணுக்கு எந்நாளும் ஒரே இடத்தில் குத்துகிறது என்றால்? பக்கவாட்டில் படுத்தால் மார்பகம் சரிந்து விலகும். அப்போது விலா எலும்பை அழுத்தி அதே வலி வந்தால், பெரும்பாலும் மார்புச்சுவரே காரணம். பாலூட்டுபவருக்குக் காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் அது தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவம் தேவை.

கட்டி தட்டுப்பட்டால் கணக்கே மாறுகிறது. இனி வலியின் கதை முக்கியமில்லை. “வலிக்கிறதே, அப்படியானால் புற்றுநோய் இல்லை” என்பது ஆபத்தான ஆறுதல்; புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது, சில வேளை வலிக்கும். மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். வயதுக்கேற்ப மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் எடுப்பார். தேவையானால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் கையில் சந்தேகமான கட்டி தட்டுப்பட்டால், திசுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.