ஒரே வரவு, ஆறு பில்

ஜூலை முதல் வாரம், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. வங்கிக் கணக்கில் ஆர்.டி.ஜி.எஸ். வழியாக 2,94,254 ரூபாய் வந்து விழுந்திருக்கிறது. கூடவே அனுப்பிய பனியன் கம்பெனியின் பெயரும், யு.டி.ஆர். எண் என்ற நீளமான எழுத்து-எண் வரிசையும் இருக்கின்றன. இந்தப் பணம் எந்த பில்லுக்கு என்ற தகவல் மட்டும் இல்லை. அந்தக் கம்பெனி பேரில் ஆறு பில் பாக்கி நிற்கிறது.

பெயர்கள் இல்லாத மாதிரிக் கணக்குதான் இது. ஆனால் கொங்குப் பகுதியில் கணக்கு எழுதும் எவருக்கும் புதிதாக இருக்காது. வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ மொத்தமாகப் பணம் அனுப்புவதுதான் பெரும்பாலான கம்பெனிகளின் பழக்கம். அனுப்புகிறவருக்கு அது ஒரே வேலை. வாங்குகிறவர்தான் அதைப் பிரித்து, சரியான பில்லில் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான அலுவலகங்களில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பழைய பில்லில் தொடங்கி, பணம் தீரும்வரை வரிசையாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். வந்த தொகை கடைசிப் பைசா வரை எங்கோ அடங்கிவிடும். கணக்குப் பார்க்கச் சுத்தமாக இருக்கும். சிக்கல் அந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்தக் கேள்விக்கு மூன்று படிகளில் பதில் சொல்கிறது. பிரிவு 59இன்படி, கடன்பட்டவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், பெற்றுக்கொண்டவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை அதைக் காட்டினால் போதும். எதுவுமே தெரியாவிட்டால், பிரிவு 60இன்படி, கடன் கொடுத்தவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒன்றும் செய்யாதபோதுதான் பிரிவு 61 சொல்லும் கால வரிசை வருகிறது. சட்டம் கடைசியாக வைத்திருக்கும் வழியை நம் அலுவலகங்கள் முதலிலேயே கையில் எடுத்துக்கொள்கின்றன.

பிரிவு 59க்குச் சட்டத்திலேயே ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ஒருவர் பல கடன்களோடு 567 ரூபாயும் தர வேண்டியிருக்கிறது. அந்த 567 ரூபாயைக் கேட்டுக் கடிதம் வருகிறது. அவரும் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார். எந்தக் கடனுக்கு என்று அவர் எழுதத் தேவையில்லை, தொகையே சொல்லிவிடுகிறது.

சாயப்பட்டறைக்கு வந்த தொகையும் பேசும். பாக்கி பில்கள் இவை:

214: 88,410
219: 64,575
223: 1,17,600
228: 49,665
231: 1,00,380
236: 77,070

எல்லா பில்லும் சைபரிலோ ஐந்திலோ முடிகிறது. இதில் எதை எதோடு கூட்டினாலும் கடைசி இலக்கம் நான்காக வராது. வந்த தொகையோ 2,94,254. ஆகவே எங்கோ ஏதோ பிடித்தம் இருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது.

முதல் சந்தேகம் டி.டி.எஸ். வாடிக்கையாளர் கொடுத்த துணிக்குச் சாயம் போட்டுத் தருவது கூலி வேலை. பட்டறை கூட்டு நிறுவனமாக இருந்தால், வருமான வரியாக 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கம்பெனி பணம் தரும். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருந்தால், பிடித்தம் கூலித் தொகைக்கு மட்டும், ஜி.எஸ்.டி.க்கு இல்லை. துணி கூலி வேலைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதாவது 100 ரூபாய்க் கூலிக்கு பில் 105. கைக்கு வருவது 103. பில் எண் 214இல் கூலி 84,200, பிடித்தம் 1,684, வர வேண்டியது 86,726. இதேபோல ஆறுக்கும் போட்டால் வரிசையாக 86,726, 63,345, 1,15,360, 48,719, 98,468, 75,602 என்று கிடைக்கும்.

இனி எந்த பில்களைச் சேர்த்தால் 2,94,254 வரும்? ஆறு பில்லுக்கு 63 சேர்க்கைகள் உண்டு. எக்செல் நொடியில் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். பாக்கி இருபது பில் என்றால் சேர்க்கைகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது தற்செயலாகப் பொருந்துபவை நிறையக் கிளம்பும். வெறும் கூட்டல் பொருத்தத்தை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே 63இல் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்தவில்லை. வந்த தொகைக்கு மேலே நெருங்கி வருபவை இரண்டு. 214, 219, 228, 231 நான்கும் சேர்ந்தால் 2,97,258. வந்தது 3,004 ரூபாய் குறைவு. 214, 223, 231 மூன்றும் சேர்ந்தால் 3,00,554, குறைவு 6,300. கிட்டே இருப்பதை எடுத்துக்கொள்ளத்தான் கை போகும். ஆனால் பார்க்க வேண்டியது வித்தியாசம் எவ்வளவு என்பதை அல்ல, அதற்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்பதை. 3,004ஐ 1.05ஆல் வகுத்தால் 2,860.95 என்று ஒட்டாத எண் வருகிறது. 6,300ஐ வகுத்தால் 6,000. ஆறாயிரம் ரூபாய்க் கூலியும் அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் என்றால், யாரோ உட்கார்ந்து போட்ட டெபிட் நோட்டின் வாசனை அடிக்கிறது.

இருந்தாலும் இது ஊகம்தான். உறுதி செய்ய ஒரு போன் போதும்.

“அக்கா, அந்த ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரத்துக்கு பில் லிஸ்ட் அனுப்பி விடுங்க்கா.”

“இருநூத்தி இருபத்தி மூணுல ஷேடு மாறிப் போச்சுங்க தம்பி. ஆறாயிரம் கழிச்சிருக்கோம். டெபிட் நோட்டு வரலீங்களா?”

டெபிட் நோட்டு வந்திருக்கும். சாயம் கலக்கும் இடத்தில் மேற்பார்வையாளரின் மேசையில் கிடக்கும். கணக்கருக்கு அது வந்து சேர்வதில்லை.

கால வரிசைப்படி கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 214, 219, 223 மூன்றும் முழுதாகத் தீர்ந்து, மிச்சம் 23,669 ரூபாய் 228இல் போய் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும். பணமே வராத 219 தீர்ந்ததாகவும், தீர்ந்துபோன 231 பாக்கியாகவும் நிற்கும். அடுத்த மாதம் 231க்காகப் பட்டறை நெருக்கும், கம்பெனி கோபப்படும். 5,836 ரூபாய் டி.டி.எஸ். எந்தப் பதிவிலும் வராது. வருமான வரித் துறையின் பதிவில் அந்தத் தொகை தெரியும்போது, கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஜோடி இருக்காது. ஷேடு தகராறும் வெளியே வராமல் போகும். பட்டறை 6,300க்குக் கிரெடிட் நோட் போட்டால்தான் தான் கட்டிய 300 ரூபாய் ஜி.எஸ்.டி.யைச் சரிக்கட்ட முடியும். அதற்கும் நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான் கெடு.

டேலியில் வரவு எழுதும்போது இதற்கான கதவு உண்டு. பில் தெரிந்தால் `Agst Ref` போட்டு, மூன்று பில்லையும் தனித்தனியாகக் கழிக்கலாம். தெரியாவிட்டால் `On Account` என்று நிறுத்திவைத்து, பட்டியல் வந்ததும் பிரிக்கலாம். அப்படி நிற்கும் தொகை அறிக்கையில் உறுத்தலாகத் தெரியும். தெரியட்டும், தவறான பில்லுக்குள் ஒளிந்திருப்பதைவிட அதைத் தேடிப் பிடிப்பது சுலபம்.

சரியாகப் பதிந்தபின் பட்டறையின் புத்தகத்தில் 219, 228, 236 மட்டும் நிற்கும், மொத்தம் 1,91,310. கம்பெனியின் புத்தகத்திலோ அதே மூன்றுக்கும் 1,87,666தான் இருக்கும். 3,644 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து மறுபடி தேடத் தொடங்க வேண்டியதில்லை. பில்லைப் பதியும்போதே கம்பெனி டி.டி.எஸ். கழித்துவிடுகிறது, பட்டறை பணம் வரும்போதுதான் கழிக்கிறது. அடுத்த ஆர்.டி.ஜி.எஸ். வரும்வரை அந்த 3,644 அப்படித்தான் நிற்கும்.