இரண்டு அசையா, மூன்று அசையா? ஒலிப்பதிவிலிருந்து பறவைக் குரலைப் பிரித்தறிதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளுக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் இரண்டு கதிர்க்குருவிகளைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது மிகக் கடினம். பறவை நோக்குவோர் இவற்றை கிரீனிஷ் வார்ப்ளர் என்றும் கிரீன் வார்ப்ளர் என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் பத்துக் கிராமுக்குக் குறைவான எடை கொண்ட, பச்சை படிந்த சிறு பறவைகள். இரண்டுக்கும் கண்ணுக்கு மேல் வெளிர்கோடும் இறக்கையில் மெல்லிய பட்டையும் உண்டு. முன்னது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா, மத்திய ஆசியா வரை பரந்த நிலப்பரப்பில் இனப்பெருக்கம் செய்கிறது. பின்னதன் தாயகம் காகசஸ் மலைகளும் அவற்றை ஒட்டிய துருக்கி, ஈரான் பகுதிகளும். கிரீன் வார்ப்ளரின் அடிவயிறும் முகமும் கூடுதல் மஞ்சளாக இருக்கும் என்று கையேடுகள் சொல்கின்றன. ஆனால் இலைகளின் ஊடே வரும் பச்சை ஒளியிலும், பழைய இறகுகள் தேய்ந்த நிலையிலும் அந்த மஞ்சளை நம்பி முடிவுக்கு வர இயலாது.

நம்பத்தக்க அடையாளம் குரலில்தான் இருக்கிறது. இவை குளிர்காலத்திலும் தமக்கென ஒரு மரக்கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் குரல் கொடுப்பவை. கிரீனிஷ் வார்ப்ளரின் அழைப்பு ‘சிஸ்-வீ’ என இரண்டு அசையாக ஒலிக்கும். கிரீன் வார்ப்ளரின் அழைப்பு ‘சி-ரு-வீ’ என மூன்று அசையாக, சற்றே சிட்டுக்குருவியை நினைவூட்டும் வகையில் இருக்கும். மொத்த அழைப்பும் அரை நொடிக்குள் முடிந்துவிடுவதால், நடுவில் ஓர் அசை வந்ததா இல்லையா என்பதில் பழகிய காதும் தடுமாறும். அந்த இடத்தில்தான் ஒலிப்பதிவை வெட்டி எடுத்து, ஸ்பெக்ட்ரோகிராமாக மாற்றிப் பார்க்கும் முறை கைகொடுக்கிறது.

ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் வரைபடம். இடமிருந்து வலமாக நேரம் நகரும். கீழிருந்து மேலாக அதிர்வெண் உயரும். ஒலி எவ்வளவு வலுவோ அவ்வளவு அழுத்தமாக அந்த இடத்தில் கோடு விழும். சுருதி ஏறும் சீழ்க்கை மேல்நோக்கிச் சாயும் கோடாகவும், இறங்கும் சீழ்க்கை கீழ்நோக்கிச் சாயும் கோடாகவும் தெரியும். 1950களில் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். தார்ப் சாஃபிஞ்ச் குருவியின் பாட்டை ஆராய்ந்தபோது இதற்கென்றே தனி இயந்திரம் தேவைப்பட்டது. இன்று ஆடாசிட்டி, ரேவன் லைட் போன்ற இலவச மென்பொருள்கள் வீட்டுக் கணினியிலேயே இந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஜனவரி மாதக் காலையில் பாபநாசம் போன்ற ஓர் அடிவாரப் பகுதியில் கைப்பேசியில் எடுத்த பத்து நிமிடப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். அதில் கதிர்க்குருவி மட்டும் இருக்காது. குக்குறுவான் விடாமல் கூப்பிடும், கொண்டைக்குருவிகள் பேசிக்கொண்டிருக்கும், தேன்சிட்டு கீச்சிடும், தொலைவில் பேருந்தும் உறுமும். பதிவு .wav கோப்பாக இருப்பது நல்லது. அதையே வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பிப் பெற்றால், மனிதப் பேச்சுக்கென அமைந்த சுருக்கத்தில் பறவைக் குரலின் நுண்பகுதிகள் சிதைந்துவிடும். கோப்பாகவே இணைத்து அனுப்ப வேண்டும். மூலப் பதிவைத் தொடாமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் வெட்டும் வேலையைத் தொடங்க வேண்டும். பின்னால் ஐயம் எழுந்தால் திரும்பிப் பார்க்க அந்த மூலம் ஒன்றே ஆதாரம்.

ஆடாசிட்டியில் பதிவைத் திறந்து, தடத்தின் பெயருக்கு அருகிலுள்ள பட்டியலில் `Spectrogram` என்பதைத் தேர்ந்தால் பத்து நிமிடமும் வரைபடமாக விரியும். முதலில் மொத்தத்தையும் மேலோட்டமாகப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். குக்குறுவானின் குரல் படத்தின் கீழ்ப்பகுதியில் ஒழுங்கான வரிசையாக விழும். பேருந்தும் காற்றும் அதற்கும் கீழே கருமையாகப் படியும். கதிர்க்குருவியின் அழைப்புகள் பெரும்பாலும் 3 முதல் 7 கிலோஹெர்ட்ஸுக்கு இடையில் சிறு கீறல்களாகத் தெரியும். கீறல் தெரிந்த இடத்தைத் தேர்ந்து `Ctrl+B` அழுத்தினால் அங்கே ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டலாம். ‘கதிர் 1’, ‘கதிர் 2’ எனக் குறித்துக்கொண்டே போனால், காதில் விழாமல் நழுவிய அழைப்புகளும் கண்ணில் அகப்படும்.

அடுத்தது வெட்டுவது. அழைப்பு தொடங்கும் புள்ளியிலேயே கத்தரித்து, முடியும் புள்ளியிலேயே நிறுத்துவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அது சரியல்ல. முன்னும் பின்னும் சில நொடிகள் விட வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகம் இரு பக்கமும் 3 நொடி வரை விடச் சொல்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் பின்னணி இரைச்சல் எவ்வளவு என்பதும், எதிரொலி எப்படி விழுகிறது என்பதும் தெரியும். அவை தெரிந்தால்தான் படத்தில் காணும் ஒரு மங்கல் கோடு பறவையுடையதா, காட்டுடையதா என்று சொல்ல முடியும். வெட்டிய துணுக்கின் பெயரில் தேதி, இடம், மூலப் பதிவில் அது வந்த நிமிடம், நொடி ஆகியவற்றைச் சேர்த்துவிட வேண்டும். ‘பறவை புதுசு’ என்று பெயரிட்ட துணுக்கு ஒரு வாரம் கழித்து யாருக்கும் பயன்படாது.

இனி ஒரு துணுக்கை நெருங்கிப் பார்க்கலாம். திரையில் ஒரு நொடி நேரம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, செங்குத்து அளவை 10 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினால் அழைப்பின் உருவம் தெளிவாகும். கிரீனிஷ் என்றால் இரு துண்டுகள், பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியவைபோல் தெரியும். கிரீன் என்றால் அவற்றுக்கு நடுவே தனியாக நிற்கும் மூன்றாவது துண்டு இருக்கும். சொல்வதற்கு எளிதுதான். ஆனால் அந்த நடுத்துண்டைக் காட்டுவதும் மறைப்பதும் மென்பொருளின் ஓர் அமைப்பைப் பொறுத்தது.

அந்த அமைப்பின் பெயர் `Window size`. மென்பொருள் ஒலியைச் சிறு சிறு கூறுகளாக எடுத்து, ஒவ்வொரு கூறிலும் என்னென்ன அதிர்வெண்கள் உள்ளன என்று கணக்கிடுகிறது. கூறின் நீளம் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் போன்றது. நீண்டால் வேகமான அசைவுகள் கலங்கிப்போகும். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 2048 என்று வைத்தால் ஒரு கூறு ஏறத்தாழ 46 மில்லிநொடி நீளும். அசைகளுக்கு இடையிலான இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால், மூன்று அசையும் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரியும். 512 என்று மாற்றினால் கூறு 12 மில்லிநொடிக்குக் குறையும்; இடைவெளிகள் திறந்துகொள்ளும். அதற்கு விலையும் உண்டு. அதிர்வெண்ணின் துல்லியம் குறைந்து கோடுகள் மேலும் கீழுமாகத் தடித்துப்போகும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியே இல்லை. ஆகவே கேள்விக்கு ஏற்ப அமைப்பைத் தேர வேண்டும். அசைகளை எண்ணுவதற்குச் சிறிய கூறு, மெதுவாக நீளும் ஆந்தைக் குரலின் சுருதியை அளப்பதற்குப் பெரிய கூறு.

ஒப்பிடும்போது இந்த அமைப்பு எல்லாத் துணுக்குகளுக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். நேர அளவும், செங்குத்து அளவும் அப்படியே. ஒரு படத்தில் ஒரு நொடியும் அடுத்த படத்தில் மூன்று நொடியும் ஒரே அகலத்தில் இருந்தால், ஒரே பறவையின் அழைப்பே இரு வேறு இனமாகத் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் படங்களைத் தன் திரையிலுள்ள படத்தோடு நேரடியாக ஒப்பிடுவது இதனால்தான் ஆபத்து. ஸீனோ-கான்டோ என்னும் பறவை ஒலித் தொகுப்பு 2005 முதல் இயங்குகிறது. அங்கிருந்து இரு இனங்களின் பதிவுகளையும் இறக்கி, அதே மென்பொருளில் திறந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதே முறை. பதிவுகளைத் தேரும்போது தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ குளிர்காலத்தில் எடுத்த அழைப்புகளைத் தேட வேண்டும். காகசஸில் கோடையில் பதிவான பாட்டு இந்தக் கேள்விக்கு உதவாது.

தவறு நுழையும் வாயில்களில் மிக மோசமானது இரைச்சல் நீக்கும் வசதி. `Noise Reduction` பின்னணியைத் துடைக்கும்போது அதே வலிமையில் இருக்கும் மெல்லிய ஒலிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். நடு அசை வலுவற்றதாக இருந்தால் அதுவும் போய்விடும். அப்போது ஒரு கிரீன் வார்ப்ளர் திரையில் கிரீனிஷ் ஆகிவிடும், அதுவும் சந்தேகமே எழாத அளவுக்குச் சுத்தமான படத்தோடு. கீழ் அதிர்வெண்களை மட்டும் வடிகட்டுவதில் இந்த ஆபத்து இல்லை. கதிர்க்குருவியின் குரல் 1 கிலோஹெர்ட்ஸுக்கு வெகு மேலே இருப்பதால், அதற்குக் கீழே உள்ளதை நீக்கினால் பேருந்து மட்டும் போகும். அதே வடிகட்டியைச் செண்பகத்தின் பதிவில் போட்டால் செண்பகமே போய்விடும். கைப்பேசிகளில் சில தாமாகவே இரைச்சலைக் குறைக்கும். பதிவு செய்யும் முன்பே அதை அணைத்துவிடுவது நல்லது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். அடர்ந்த காட்டில் மரங்களில் பட்டுத் திரும்பும் ஒலி, அழைப்பின் பின்னே மங்கலான வாலாகத் தொடர்ந்து இடைவெளிகளை நிரப்பும். பறவை மிக அருகில் இருந்து பதிவு அளவு மீறிப்போனால், அலைகளின் முகடுகள் தட்டையாகி, உண்மையான கோட்டின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் போலிக் கோடுகள் முளைக்கும். அலைவடிவத்தைப் பார்த்தால் முகடுகள் வெட்டியதுபோல் இருப்பது தெரிந்துவிடும். சில்வண்டுகளின் இரைச்சல் கதிர்க்குருவியின் அதே பட்டையில் கிடைமட்டக் கருப்பாகப் படிந்திருந்தால் எந்த வடிகட்டியும் உதவாது. ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் விழுந்த இரு குரல்களை இந்த முறையால் பிரிக்க இயலாது. அந்தத் துணுக்கை ஒதுக்கிவிட்டு அடுத்த அழைப்பைத் தேடுவதே நேர்மை.

அடுத்த அழைப்பைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பறவை எல்லா நேரமும் ஒரே மாதிரி அழைப்பதில்லை. கிரீனிஷ் வார்ப்ளரின் சில அழைப்புகள் லேசாக மடிந்து மூன்று அசைக்கு நெருங்கிவரும். ஒரே ஒரு துணுக்கில் நடுத்துண்டு இருப்பதுபோல் தெரிந்தால் அது தீர்ப்புக்குப் போதாது. அதே பறவையின் பல அழைப்புகளைத் தொடர்ச்சியாக வெட்டி அடுக்கி, ஒவ்வொன்றிலும் நடுத்துண்டு அதே இடத்தில், அதே உருவத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் கிரீன் என்று எழுதலாம். சிலவற்றில் வந்து சிலவற்றில் வராவிட்டால் ஆதாரம் முழுமையாகவில்லை என்று பொருள். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சாகப் பின்பற்றக்கூடியது என்பதால், அந்த மரத்தில் கதிர்க்குருவியைக் கண்ணால் பார்த்த குறிப்பும் துணுக்கோடு இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தெளியாத பதிவுகள் இருக்கவே செய்யும். அப்படிப்பட்டவற்றை இரண்டில் ஒன்றாக நெருக்கித் தள்ளத் தேவையில்லை. இ-பேர்ட் தளத்தில் கிரீனிஷ், கிரீன் இரண்டையும் சேர்த்தே பதியும் தேர்வு உண்டு. துணுக்கை இணைத்து அந்தத் தேர்வில் பதிந்துவிடுங்கள். மேலும் நல்ல ஒப்பீட்டுப் பதிவுகள் சேரும்போது அதே துணுக்கை வேறொருவர் திறந்து பார்த்து இனத்தைச் சொல்ல முடியும்.